ஓடைக்கரை நிலத்தை டேப்பால் அளப்பது எப்படி? சரிவக விதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று பக்கம் வரப்பு நேராக ஓடி, நாலாவது பக்கம் ஓடைக்கரையாக வளைந்து போகிற நிலத்தில்தான் பரப்பளவு கணக்கு தகராறாகும். நீளத்தை ஒருவர் ஓடையை ஒட்டி அளப்பார், இன்னொருவர் வரப்பை ஒட்டி அளப்பார். அகலத்தை மூன்று இடத்தில் எடுத்து சராசரி போடுவார்கள். எழுபது சென்ட் நிலத்தில் இரண்டு சென்ட் வரை வித்தியாசம் வந்துவிடும். இந்த மாதிரி நிலத்தை ஒரு டேப், கொஞ்சம் கயிறு, பத்துப் பன்னிரண்டு முளைக்குச்சிகள், நேரான மூன்று கழிகள், இரண்டு ஆட்கள் இருந்தால் ஒரே காலையில் ஒழுங்காக அளந்துவிடலாம். அதற்குரிய கணக்குதான் சரிவக விதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி அளந்து கிடைப்பது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கான பரப்பு. நடவுக்கு எத்தனை கன்று வேண்டும், சொட்டுநீர்க் குழாய் எவ்வளவு வாங்குவது, குத்தகை எதற்குப் பேசுவது என்பதற்கெல்லாம் இது போதும். எல்லைத் தகராறுக்குப் போதாது. அங்கே செல்லுபடியாவது புல வரைபடமும் சர்வே கல்லும்தான். ஓடை பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். இன்று கண்ணுக்குத் தெரிகிற கரையும் பட்டா நிலத்தின் எல்லையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நிலத்தை இரண்டாகப் பிரியுங்கள்

விதி என்னவோ எளிது. வேலையெல்லாம் அடிக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. அடிக்கோடு என்பது நிலத்துக்குள் நாம் நேராகப் போட்டுக்கொள்ளும் கோடு. அதிலிருந்து செங்குத்தாக ஓடைக்கரை வரை அளக்கும் ஒவ்வொரு தூரமும் ஒரு ஆஃப்செட்.

பலர் எதிர்ப்பக்கத்து வரப்பையே அடிக்கோடாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏற்கெனவே நேராக இருப்பதால் தனியாகக் கோடு பிடிக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் அப்போது ஒவ்வொரு ஆஃப்செட்டும் நாற்பது ஐம்பது மீட்டர் நீளும். செங்குத்து இரண்டு பாகை விலகினால் 50 மீட்டர் ஆஃப்செட்டின் நுனி பக்கவாட்டில் 1.75 மீட்டர் தள்ளிப்போய்விடும். கரையில் வேறு ஒரு இடத்தை அளந்துகொண்டிருப்போம், அது நமக்குத் தெரியவும் தெரியாது. அதே இரண்டு பாகை 10 மீட்டர் ஆஃப்செட்டில் 35 சென்டிமீட்டர்தான்.

அதனால் அடிக்கோட்டை ஓடைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அதற்கு உள்பக்கம் இருக்கும் பெரிய பகுதி நேர்ப்பக்கங்கள் கொண்ட நாற்கரம். அதை முக்கோணமாகப் பிரித்துத் துல்லியமாகக் கணக்கிடலாம். கரைக்கும் கோட்டுக்கும் இடையில் மிஞ்சும் ஒடுங்கிய பட்டைக்கு மட்டும் சரிவக விதி. தோராயம் எவ்வளவு வந்தாலும் அந்தப் பட்டைக்குள்ளேயே நிற்கும். சர்வே துறையின் புல வரைபடத்திலும் இதே முறைதான்: உள்ளே நீண்ட நேர்கோடுகள், அவற்றிலிருந்து வளைந்த எல்லைக்குக் குட்டையான ஆஃப்செட்கள்.

களத்தில்

ஒரு புஞ்சையை எடுத்துக்கொள்வோம். கிழக்கே ஓடை. வடக்கு, மேற்கு, தெற்கு மூன்றும் நேர் வரப்புகள். வடக்கு வரப்பில் கரைக்கு நாலு மீட்டர் முன்னால் ஒரு முளை அடிக்கிறோம், அது அ. தெற்கு வரப்பில் கரைக்கு மூன்று மீட்டர் முன்னால் இன்னொன்று, அது ஆ. தென்மேற்கு மூலை இ, வடமேற்கு மூலை ஈ. அ-விலிருந்து ஆ-வுக்குக் கயிறு கட்டினால் அதுதான் அடிக்கோடு. அதன் நீளம் 60 மீட்டர்.

30 மீட்டர் டேப்பால் 60 மீட்டர் அளக்கும்போது நடுவில் கோடு வளையாமல் இருக்க வேண்டும். இரு முனையிலும் கழி நட்டு, ஒருவர் அ கழிக்குப் பின்னால் நின்று ஆ கழியைப் பார்க்க, மற்றவர் நடுக்கழியைப் பிடித்துக்கொண்டு இடம் வலம் நகர வேண்டும். மூன்று கழியும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தால் கோடு நேர். டேப்பை எப்போதும் படுகிடையாகப் பிடியுங்கள். கரையை நோக்கி நிலம் சரியும் இடத்தில் மண்ணை ஒட்டி அளந்தால் நீளம் கூடுதலாக வரும். பட்டாவில் இருப்பது படுகிடைப் பரப்பு. சரிவு அதிகமானால் சின்னச் சின்னத் துண்டுகளாக, இறக்கத்துப் பக்கம் டேப்பை உயர்த்திப் பிடித்து, முனையிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் புள்ளியைத் தரையில் இறக்குங்கள்.

கயிற்றின் மேல் 0, 10, 20 என்று 60 வரை ஏழு இடத்தில் முளை அடித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் செங்குத்துப் பிடிக்க ஒரே டேப் போதும். டேப்பின் 0-வையும் 12 மீட்டர் குறியையும் சேர்த்து முளையில் ஒருவர் பிடிக்கட்டும். 3 மீட்டர் குறியை அடிக்கோட்டின் மேலேயே ஒரு குச்சியில் மாட்டுங்கள். இரண்டாமவர் 8 மீட்டர் குறியைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்து, மூன்று பக்கமும் விறைப்பானதும் அங்கே ஒரு குச்சி நடட்டும். பக்கங்கள் 3, 5, 4 என்று அமைவதால் முளையில் சரியாகச் செங்கோணம் விழும். முளையிலிருந்து அந்தக் குச்சி வழியாக நேராகக் கரை வரை அளந்தால் அதுதான் ஆஃப்செட். 4 மீட்டரில் குச்சி 2 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 10 மீட்டரில் அது 5 சென்டிமீட்டர். நம் வேலைக்கு அது பொருட்டே இல்லை.

கரை என்றால் எது என்பதை முதல் ஆஃப்செட் எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும் ஓரமா, மேட்டின் விளிம்பா, முள்வேலியா? அளக்கிறவர் முதல் மூன்று இடத்தில் மேட்டு விளிம்பையும், அடுத்து புதர் அடர்ந்த இடத்தில் எட்டின வரைக்கும் எடுத்தால், ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் போகும். எல்லா ஆஃப்செட்டும் ஒரே பக்கமாக 50 சென்டிமீட்டர் பிசகினால் 60 மீட்டர் நீளத்துக்கு 30 சதுர மீட்டர், முக்கால் சென்ட். விதியின் தோராயத்தால் வரும் பிழையைவிட இது பெரியது என்பதைக் கீழே கணக்கிலேயே பார்க்கலாம்.

அளந்ததை அங்கேயே நோட்டில் எழுதிவிட வேண்டும். நம் புஞ்சையில் கிடைத்தவை இவை, எல்லாம் மீட்டரில்:

| அடிக்கோட்டில் தூரம் | ஆஃப்செட் |
|---|---|
| 0 | 4.2 |
| 10 | 7.6 |
| 20 | 9.8 |
| 30 | 10.4 |
| 40 | 8.6 |
| 50 | 5.8 |
| 60 | 3.0 |

பட்டையின் பரப்பு

அடுத்தடுத்த இரண்டு ஆஃப்செட்டுகளின் நுனிகளுக்கு இடையில் கரையை நேர்கோடு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம். இணைப்பக்கங்கள் அந்த இரு ஆஃப்செட்டுகள், இடைவெளி 10 மீட்டர். முதல் துண்டின் பரப்பு (4.2 + 7.6) ÷ 2 × 10 = 59 சதுர மீட்டர். இப்படி ஆறு துண்டையும் கூட்டலாம். கூட்டிப் பார்த்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு ஆஃப்செட்டும் இடது துண்டில் பாதி, வலது துண்டில் பாதி என்று முழுதாக ஒருமுறை வருவது தெரியும். இரு ஓரத்து ஆஃப்செட்டுகளுக்கு ஒரு பக்கத்தில்தான் துண்டு இருக்கிறது, அவை பாதிதான் வரும். இதைத்தான் விதி சுருக்கிச் சொல்கிறது:

```
பரப்பு = இடைவெளி × [ (முதல் + கடைசி) ÷ 2 + மற்றவற்றின் கூட்டல் ]
       = 10 × [ (4.2 + 3.0) ÷ 2 + 7.6 + 9.8 + 10.4 + 8.6 + 5.8 ]
       = 10 × [ 3.6 + 42.2 ]
       = 458 சதுர மீட்டர்
```

பாதியாக்கும் இந்த இடத்தில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. ஏழு ஆஃப்செட்டையும் கூட்டி 10-ஆல் பெருக்கினால் 494 வரும், 36 சதுர மீட்டர் அதிகம். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 423 வரும், ஏறக்குறைய 35 குறைவு. இரண்டு பிழையும் ஒரு சென்ட்டை நெருங்குகின்றன. ஏழு முளை நட்டாலும் துண்டுகள் ஆறுதான் என்பதை மறக்கும்போதுதான் இப்படி ஆகிறது.

இரு முனையிலும் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. வரப்பு அடிக்கோட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக இராது. நம் நிலத்தில் இரண்டு வரப்பும் கரைக்குப் போகும்போது சற்றே தெற்கே சாய்கின்றன. அதனால் வடக்கு முனையில் 4.2 மீட்டர் ஆஃப்செட்டுக்கும் வரப்புக்கும் இடையில் ஒரு சிறு முக்கோணம் கணக்கில் கூடிப்போகிறது. தெற்கு முனையில் இன்னொன்று விட்டுப்போகிறது. ஒவ்வொன்றும் அரை சதுர மீட்டருக்குள்தான், ஒன்றையொன்று ஈடுகட்டியும் விடுகின்றன. வரப்பு நிறையச் சாய்ந்திருந்தால் மட்டும் அந்த முக்கோணத்தின் இரு பக்கத்தை அளந்து தனியாகச் சேருங்கள் அல்லது கழியுங்கள்.

மேற்கே உள்ள நாற்கரம்

இதற்குச் செங்கோணமே தேவையில்லை. நான்கு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தால் போதும். மூலைவிட்டம் கட்டாயம். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தின் வடிவமே நிலைக்காது, பரப்பும் நிலைக்காது.

நம் நிலத்தில் அ-ஆ 60 மீட்டர், ஆ-இ 42.19, இ-ஈ 58.14, ஈ-அ 38.05, அ-விலிருந்து இ-க்கு மூலைவிட்டம் 70. பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம் இங்கே கைகொடுக்கும். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, நான்கு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 60, 42.19, 70 பக்கங்கள் உள்ள முக்கோணத்துக்குப் பாதிச் சுற்றளவு 86.095, பரப்பு 1260 சதுர மீட்டர். 70, 58.14, 38.05 உள்ளதற்கு 1106. இரண்டும் சேர்ந்து 2366.

சரிபார்க்க, ஆ முளையில் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதை விறைப்பாகப் பிடித்தபடி மறுமுனையை மூலைவிட்டத்தின் கயிற்றின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் கயிற்றின் நீளம் மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் செங்குத்துத் தூரம். அந்த நீளத்தை டேப்பை இரண்டு முறை போட்டு அளந்தால் இங்கே 36 மீட்டர் வர வேண்டும்: 70 × 36 ÷ 2 = 1260. வராவிட்டால் ஏதோ ஒரு பக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம். 30 மீட்டர் டேப்பை இரண்டு முறை போட்டு அளந்த பக்கத்தில், நடுமுளையில் விட்ட ஒரு மீட்டரைத்தான் முதலில் தேட வேண்டும்.

பட்டையின் 458-ஐச் சேர்த்தால் மொத்தம் 2824 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 69.78 சென்ட். பட்டாவில் எழுதும் வழக்கில் 0 ஹெக்டேர் 28.24 ஏர்.

10 மீட்டர் இடைவெளி போதுமா?

இதற்குப் பதில் அளந்த எண்களிலேயே இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக 0, 20, 40, 60 ஆஃப்செட்டுகளை மட்டும் எடுத்து 20 மீட்டர் இடைவெளியில் மறுபடி கணக்கிடுங்கள்: 20 × [3.6 + 9.8 + 8.6] = 440. இடைவெளியைப் பாதியாக்கியதும் விடை 440-லிருந்து 458-க்கு ஏறியிருக்கிறது. கரை சீராக வளைகிற இடத்தில், இடைவெளி பாதியானால் பிழை ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும். ஆகவே இன்னும் மிச்சமிருக்கும் பிழை இந்த 18-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 சதுர மீட்டர். சரியான விடை 464-ஐ ஒட்டி இருக்கும். சிம்ப்சன் விதியைப் போட்டாலும் இதே 464-தான் வரும். அந்த விதி இந்தத் திருத்தத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் அதைப் போட முடியும்.

ஏன் குறைவாக வந்தது? நம் ஓடை வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. இரு நுனிகளுக்கு இடையே நேர்கோடு போட்டால் புடைப்பின் ஒரு சீவல் வெளியே நின்றுவிடும். ஓடை நிலத்துக்குள் குழிந்து வந்தால் நேர்மாறாக, சரிவக விதி அதிகமாகக் காட்டும். ஒரு கரையில் இரண்டும் மாறிமாறி வந்தால் பிழைகள் ஓரளவு கழிந்துபோகும். முழுக்க ஒரே பக்கம் வளைந்த கரையில் அப்படிக் கழியாது, எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும்.

களத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். அடுத்தடுத்த இரு ஆஃப்செட் நுனிகளில் கயிறு கட்டி, கரை கயிற்றைவிட்டு நடுவில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். விலகலை இடைவெளியால் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் அந்தத் துண்டில் விடுபட்ட பரப்பு. 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் விலகல் என்றால் 1 சதுர மீட்டர். ஆறு துண்டுக்கும் ஏறக்குறைய அப்படியென்றால் 6, மேலே வந்த அதே அளவு. 6 சதுர மீட்டர் என்பது 0.15 சென்ட். கரை எது என்று தீர்மானிக்காமல் விட்ட அரை மீட்டர் இதைப்போல ஐந்து மடங்கு. அதனால் இந்த நிலத்தில் 5 மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்து வேலையை இரட்டிப்பாக்குவதில் பயனில்லை. அந்த நேரத்தில் கரையோரப் புதரை வெட்டி விளிம்பைத் தெளிவாக்குவது மேல்.

கரை சீராக வளையாத இடம்

மேலே சொன்ன சோதனை கரை மெதுவாக வளையும் இடத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளம் அரித்து, 30-க்கும் 40-க்கும் நடுவே 34-ஆவது மீட்டரில் கரை வெடுக்கென்று உள்ளே வந்து, அங்கே ஆஃப்செட் 6.0 மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஒழுங்கிலேயே போனால் அந்த அரிப்பு கணக்கிலேயே வராது, 10.4-க்கும் 8.6-க்கும் இடையில் 95 சதுர மீட்டர் என்று எழுதிவிடுவோம். அந்த மூலையில் கூடுதலாக ஒரு ஆஃப்செட் எடுத்தால் 30-லிருந்து 34 வரை 32.8, 34-லிருந்து 40 வரை 43.8, மொத்தம் 76.6. வித்தியாசம் 18.4 சதுர மீட்டர், கிட்டத்தட்ட அரை சென்ட். ஆகவே ஒழுங்கான இடைவெளிகளோடு, கரை முறியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆஃப்செட் தேவை. இங்கே தொடங்க வேண்டியது கரையிலிருந்து: முறியும் புள்ளியில் டேப்பை மாட்டி, அடிக்கோட்டின் மேல் நகர்த்திக் குறைந்த அளவைப் பிடித்து, அது எத்தனையாவது மீட்டரில் விழுகிறது என்பதையும் எழுதுங்கள்.

இடைவெளி சமமில்லாமல் போனதும் சுருக்கச் சூத்திரம் செல்லாது. துண்டுதுண்டாகத்தான் கூட்ட வேண்டும். போனில் எக்செலோ கூகுள் ஷீட்டோ இருந்தால், முதல் நிரலில் தூரத்தையும் அடுத்ததில் ஆஃப்செட்டையும் இரண்டாம் வரிசையிலிருந்து ஏற்றி, இதை ஒரு கட்டத்தில் போடுங்கள்:

```
=SUMPRODUCT((A3:A8-A2:A7)*(B2:B7+B3:B8))/2
```

ஏழு ஆஃப்செட்டுக்கு இது 458 காட்டும். ஒன்று கூடினால் `8` வரும் இடத்தில் `9`, `7` வரும் இடத்தில் `8`. இடைவெளி எப்படி இருந்தாலும் இது பொருந்தும்.

ஓடை அடிக்கோட்டையே தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தப் பக்க ஆஃப்செட்டைக் கழித்தல் குறியோடு எழுதுங்கள். ஒரு முளையில் கிழக்கே 2.4, அடுத்த முளையில் மேற்கே 1.6 என்றால் 2.4, −1.6. சரிவகக் கணக்கு 10 × (2.4 − 1.6) ÷ 2 = 4 என்று தரும். இரு முக்கோணமாகப் போட்டாலும், வெளியே 7.2 கூட்டி, உள்ளே 3.2 கழித்து, அதே 4. முக்கோணங்கள் முதல் முளையிலிருந்து 6 மீட்டரில் சந்திக்கின்றன என்ற கணக்கு அது. நிஜக் கரை வேறு இடத்தில் கோட்டை வெட்டினால் அங்கே 0 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பட்டாவோடு ஒத்துப்போகாவிட்டால்

உங்கள் புல வரைபடத்தை eservices.tn.gov.in தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள பக்க அளவுகளை உங்கள் டேப் அளவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மொத்தப் பரப்பை ஒப்பிடுவது அதற்குப் பிறகு. வடக்கு, மேற்கு, தெற்கு வரப்புகள் ஒத்துப்போய் ஓடைப் பக்கம் மட்டும் மாறினால், ஓடை நகர்ந்திருக்கிறது அல்லது வரைபடத்தின் எல்லை நீங்கள் எடுத்த விளிம்பு இல்லை. வரைபடத்தில் ஓடைப் பக்க எல்லை சில வளைவுப் புள்ளிகளைச் சேர்த்த நேர்க்கோடுகளாக இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு உரிய ஆஃப்செட்டுகளை அடிக்கோட்டிலிருந்து கணக்கிட்டுக் களத்தில் குச்சி நட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் எவ்வளவு விலகல் என்று கண்ணெதிரே தெரியும். நேர் வரப்புகளிலேயே வித்தியாசம் வந்தால் அது பரப்பளவுப் பிரச்சினை இல்லை, எல்லைப் பிரச்சினை. அங்கே டேப்பைச் சுருட்டிவிட்டு, எல்லையை அளந்து காட்டக் கேட்கும் எஃப்-லைன் மனு போட்டு, அரசு நில அளவையரை வரவழைத்துச் சர்வே கல்லிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் நோட்டையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலை எத்தனை மீட்டர் ஒதுங்கியிருக்கிறது என்று அவரிடம் குறிப்பாகக் கேட்க அது உதவும்.